மூன்றாவது பாட்டில்

அந்த வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு படுக்கை, பதினாலு நர்ஸ், வாரத்துக்கு ஏழு நாள். இந்த மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு அடக்குவது அவள் பொறுப்பு. பத்தொன்பது வருஷமாகக் கட்டம் போட்டுக்கொண்டிருப்பவளைக் கட்டம் போடும் அக்கா என்றார்கள், கட்டம் அக்கா என்றார்கள், கடைசியில் சுருக்கிக் கட்டக்கா ஆக்கிவிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. டியூட்டி அட்டவணை போடுவதை லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும். யாருக்கு யாரோடு ஆகாது, யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு ராத்திரி டியூட்டி என்றால் அன்றைக்கென்று காய்ச்சல் வரும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பென்சிலும் ரப்பருமாக அவள் உட்கார்ந்தால் டாக்டர்கள்கூடப் பக்கத்தில் போய்ப் பேச மாட்டார்கள்.

இத்தனை வருஷமும் எட்டு மணி நேரக் கணக்குதான். காலை ஏழு, மதியம் மூன்று, இரவு பதினொன்று என்று நாளுக்கு மூன்று தடவை ஆள் மாறும். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாளும் துணி துவைப்பதிலேயே போய்விடும். போன வருஷக் கடைசியில் மேட்ரன் கூப்பிட்டு, "பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் போட்டுப் பாக்கலாமான்னு மேலேருந்து கேக்கறாங்க. மூணு மாசம் பழைய மாதிரி, மூணு மாசம் புது மாதிரி. ரெண்டையும் எழுதி வை. கடைசியில நீ சொல்றதுதான்," என்றார்.

கட்டக்கா கட்டம் போட்டுப் பார்த்தாள். பதினாலு பேரை ஏழு ஜோடியாக்கினாள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு பகல், இரண்டு இரவு, அப்புறம் மூன்று நாள் லீவு. காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் மட்டும்தான் ஆள் மாறும். வாரத்துக்கு அதே நாற்பத்தெட்டு மணி நேரம், எந்த வேளையிலும் வார்டில் அதே நாலு பேர். ஒரு கட்டம் மிஞ்சவில்லை, ஒரு கட்டம் குறையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவள் தன் தாளையே ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புது முறை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அது நடந்தது. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். ஒரு நாள் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கை விழுந்துவிட்டது, கால் இழுத்துக்கொண்டது, பேச்சு மொத்தமாகப் போய்விட்டது. ஊரெல்லாம் சத்தமாகப் பேசிச் சிரித்த மனிதர், தண்ணீர் வேண்டும் என்பதற்கு டம்ளரைக் காட்டினார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னது இதுதான்: "முதல் ஆறு மாசம்தாங்க ரொம்ப முக்கியம். வாரம் மூணு நாள் கூட்டிட்டு வாங்க. காலைல பத்துலேருந்து மூணு வரைக்கும். கூட ஒருத்தர் இருந்தே ஆகணும், வீட்டுக்குப் போய் அவங்கதான் பழக்கணும்."

வாரம் மூன்று நாள். பழைய கணக்கில் அவளுக்குக் கிடைப்பதோ ஒரு நாள். புதுக் கணக்கில் புதன், வியாழன், வெள்ளி என்று தன் ஜோடிக்கு லீவை எழுதிக்கொண்டாள். புதன் காலை ஏழு மணிக்கு ராத்திரி டியூட்டியை முடித்துவிட்டு, தூக்கத்தோடு தூக்கமாகக் கணவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவாள். அங்கே நாற்காலியிலேயே தலை தொங்கும். போகட்டும். மூன்று மாதத்தில் அந்த மனிதருக்குப் பத்து வார்த்தை திரும்பி வந்திருந்தது. தண்ணி, வேணாம், வா, நட, வலி என்று பத்து. படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார்கள், அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்துச் சொல்வார். அவளுக்குத்தான் பொறுமை கிடையாது. அவர் "எ" என்று ஆரம்பிப்பதற்குள் சிரித்துக்கொண்டே பாதியை இவள் சொல்லிவிடுவாள். பயிற்சிப் பெண் அதற்காக அவளை இரண்டு தடவை அதட்டியிருக்கிறாள்.

இனி அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்ரன் எழுதி வைக்கச் சொன்ன தவறுகளின் நோட்டு. யாருக்கும் கெடுதல் வரவில்லை என்றாலும் எழுத வேண்டும், தப்பிப் பிழைத்ததையும் எழுத வேண்டும் என்பது விதி. மருந்து வேளை தவறியது, ஊசி இருமுறை போக இருந்தது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போனது எல்லாம் அதில் இருக்கும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, செய்தவர், கண்டுபிடித்தது யார், எப்போது என்று ஐந்து பத்திகள். எட்டு மணி நேர மாதங்களில் முப்பத்தொரு பதிவு. பன்னிரண்டு மணி நேர மாதங்களில், கடைசி வாரம் வரைக்கும், பன்னிரண்டே பதிவு. கை தட்டாத குறைதான். மேட்ரன் கண்காணிப்பாளர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று போட்ட லீவுகூட பத்தொன்பதிலிருந்து ஆறாகக் குறைந்திருந்தது. திங்கட்கிழமை மதியம் கட்டக்கா எழுத்தில் அறிக்கை கொடுத்தால் பன்னிரண்டு நிரந்தரம்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குப் பகல் டியூட்டி. மாலை ஏழு மணிக்கு ராத்திரி நர்ஸ் வந்தாள். ஆள் உயரம் என்பதால் அவளுக்கு நெட்டை என்று பெயர். இருவரும் படுக்கை படுக்கையாக நடந்து ஒப்படைத்துக்கொண்டு வந்தார்கள். பதினேழாம் படுக்கையில் நெட்டை நின்றாள். டிரிப்ஸ் ஓட்டுகிற பம்பைக் குனிந்து பார்த்தாள், கையிலிருந்த சார்ட்டைப் பார்த்தாள், திரும்பவும் பம்பைப் பார்த்தாள்.

"அக்கா, இவருக்கு மணிக்கு நாப்பது மில்லிதானே?"

"ஆமா. ஹார்ட் வீக்கு. மெதுவாத்தான் போகணும்."

"பம்ப்ல நூத்தி இருபது ஓடுதே."

பதினேழாம் படுக்கைக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி வந்தவர். தண்ணீர் ஏற்றியாக வேண்டும், ஆனால் இதயம் பலவீனம் என்பதால் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். காலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது தலையணையில் சாய முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு முன் அவள் பார்த்தபோது லேசாக இருமினார். தொண்டை வறட்சி என்று நினைத்துத் தலையணையைச் சரி செய்துவிட்டுப் போயிருந்தாள்.

நெட்டை பம்பை நிறுத்தினாள். கட்டக்காவின் கைகள் தானாக வேலை செய்தன. நிமிர்த்தி உட்கார வைத்தாள், ஆக்ஸிஜன் போட்டாள், டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் ஓடி வந்து நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நீர் பிரிய ஊசி போட்டார்கள், ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். எல்லாம் இருபது நிமிஷம்.

திரும்பி வந்து சார்ட்டை எடுத்துப் பார்த்தாள். காலை எட்டு மணி, நாற்பது. ஒன்பது மணி, நாற்பது. பத்து, நாற்பது. மாலை ஏழு வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் நாற்பது, நாற்பது என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. எழுதியது வேறு யாரும் இல்லை, அவளேதான். பம்பைப் பார்த்து எழுதவில்லை. டாக்டர் எழுதிய உத்தரவைப் பார்த்து எழுதியிருக்கிறாள். முந்தின மணிக்கு நாற்பது என்று தான் எழுதியதை நம்பி அடுத்த மணிக்கும் நாற்பது என்று எழுதியிருக்கிறாள்.

எப்படி ஆயிற்று என்பதும் மெல்ல நினைவுக்கு வந்தது. காலை எட்டு மணிக்குப் பக்கத்துப் படுக்கையிலிருந்து பம்பை நகர்த்திக்கொண்டு வந்தாள். அந்த ஆளுக்கு அது நூற்றிருபதில் ஓடிக்கொண்டிருந்தது. பம்பை மறுபடி போட்டதும் பழைய வேகத்திலேயே தொடரட்டுமா என்று கேட்டது. முதலில் ஓட விட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆம் என்று அழுத்தினாள். அதே நொடியில் இருபதாம் படுக்கையில் ஒருவர் மயங்கி விழுந்தார், ஓடினாள். திரும்பி வந்தபோது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடுகிறது, சரி என்று போய்விட்டாள்.

அன்று அவளோடு டியூட்டி பார்த்த ஜோடி, ஆள் சின்னதாக இருப்பதால் பொடிசு என்று பெயர் வாங்கியவள், பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அக்கா, நீங்க பன்னண்டு மணிக்குச் சாப்பிடப் போனப்ப அவரு பாட்டில் தீர்ந்து பம்ப் கத்துச்சு. நான்தான் புதுசு மாட்டினேன். எழுதலாம்னு வந்தேன், எட்டாம் படுக்கை கூப்பிட்டுடுச்சு. மறந்தே போச்சு."

கட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்நூறு மில்லி பாட்டில். மணிக்கு நாற்பது என்றால் ஒரே பாட்டில் பகல் முழுக்க வர வேண்டும். நாலேகாலுக்குப் பாட்டில் தீர்ந்தபோது அவளே புதுசு மாட்டினாள். அது இரண்டாவது என்று நினைத்துக்கொண்டு மாட்டினாள். இரண்டாவதே ஆனாலும் அந்த நேரத்துக்குத் தீரக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் போடுகிற கணக்கு அது. பத்தாவது மணி நேரத்தில் அவளுக்கு வரவில்லை.

அதைவிடப் பெரிய இடி அடுத்துதான் விழுந்தது. அந்தப் பாட்டிலை மாட்டும்போது கண்டக்டர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. சொன்னது நாலேகாலுக்கு, அவளுக்குக் கேட்டது ஏழே முக்காலுக்கு.

"இது மூணாவது பாட்டிலு சிஸ்டர். நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன்."

"ரிடையர் ஆகியும் எண்றத விடலையா கண்டக்டர் சார்?" என்று சிரித்துவிட்டுப் போயிருக்கிறாள் இவள்.

டாக்டரும் அவளும் சேர்ந்து கண்டக்டரின் மகளிடம் நடந்ததைச் சொன்னார்கள். அந்தப் பெண் கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று கட்டக்கா எதிர்பார்த்தாள். அவளோ, "நீங்களா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

பொடிசு வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, கேஸ் ஷீட்ல டாக்டர் எழுதிட்டாரு, அது போதும். நம்ம நோட்டுல போடாதீங்க. நாளைக்கு மதியம் அறிக்கை கொடுத்துட்டு, அப்புறமா எழுதிக்கலாம். பதினாலு பேரோட லீவு அக்கா. எனக்கு எம்புள்ள மூஞ்சிய வாரத்துல மூணு நாள் பாக்கக் கிடைக்குது. உங்களுக்கு அண்ணன் இருக்காரு."

சரி என்று சொல்லிவிடுவோமோ என்று கட்டக்காவுக்குப் பயமாக இருந்தது. நோட்டைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை. ராத்திரி ஏழுக்குத்தான் டியூட்டி. கணவரை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தாள். ஆறு மாதமாக எத்தனை பதிவு என்று கூட்டினார்களே தவிர, கடைசி இரண்டு பத்திகளை யாரும் கூட்டவில்லை. கண்டுபிடித்தது யார், எப்போது. பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டாள்.

எட்டு மணி நேர மாதங்களின் முப்பத்தொன்றில் இருபத்திரண்டு, ஆள் மாறும்போது வந்தவள் கண்டுபிடித்தது. அதில் பதிமூன்று, மதியம் மூன்று மணிக்கு. மிச்சம் ஒன்பதும் நர்ஸ்களே இடையில் தாங்களாகக் கண்டது. பன்னிரண்டு மணி நேர மாதங்களில் இடையில் தாங்களாகக் கண்டது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் ஏழு மணிக்கு, அடுத்தவள் வந்த பிறகு. ஐந்து தவறுகள் எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் பார்க்காமல் ஓடியிருந்தன.

தவறு குறையவில்லை. பார்க்கிற கண் குறைந்திருக்கிறது. மூன்று மாதமாக எல்லோரும் சேர்ந்து கொண்டாடியது அதைத்தான். அதில் முதல் ஆளாகக் கை தட்டியவள் யார்? இந்தக் கட்டக்காதான்.

அவள் நியாயமானவள், மறுபக்கத்தையும் எண்ணினாள். பழைய கணக்கில் ஆள் மாறுகிற அவசரத்தில் சொல்ல விட்டுப்போனதால் வந்த தவறு எட்டு. புதுக் கணக்கில் அது மூன்றாகக் குறைந்திருந்தது. நாளுக்கு ஒரு ஒப்படைப்பு குறைந்தால் விட்டுப்போவதும் குறையத்தான் செய்யும், பொய்யில்லை. ஆனால் பன்னிரண்டு மணி நேரத் தவறுகளில் ஆறு, ஒன்பதாவது மணிக்குப் பிறகு செய்தவை. மூன்று மாதக் கணக்கை வைத்து உலகத்துக்கு எதையும் நிரூபிக்க முடியாதுதான். நேற்று மூன்று மணிக்கு வேறொருத்தி வந்திருந்தால் பதினேழாம் படுக்கையில் நின்றிருப்பாள் என்பதை எந்தக் கணக்கும் இல்லாமலே சொல்ல முடியும்.

பதின்மூன்றாவது பதிவுக்கான வரி காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் நாற்காலியைக் கணவர் பக்கம் திருப்பிப் போட்டு, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டித் தீர்த்தாள். பேசத்தான் முடியாதே தவிர, அவருக்கு எல்லாம் புரியும்.

"எழுதினா பழையபடி எட்டு மணி நேரம் வந்துடும். அப்புறம் உங்களை வாரத்துல ஒரு நாள்தான் கூட்டிட்டுப் போக முடியும். மாடி வீட்டு உங்க தங்கச்சிக்குத் தையல் கடைய மூடிட்டு வர முடியாது. இன்னும் ரெண்டு மூணு மாசம்தான் நல்ல காலம்னு அந்தப் பொண்ணு சொல்லுது. நான் என்னங்க பண்ண?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு இடது கையை ஊன்றி எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, வாசலில் நிற்கும் அவளுடைய ஸ்கூட்டர் வரைக்கும் போனார். நல்ல காலால் முன் டயரை ஒரு உதை உதைத்தார். நகர்ந்து போய்ப் பின் டயரை ஒரு உதை. அவளுக்கு முதலில் பகீரென்றது, கோபத்தில் செய்கிறார் என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. லாரி ஓட்டின நாளில் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எங்கேயாவது நிறுத்துவார். தான் இறங்க மாட்டார், கிளீனரை இறக்கி ஒவ்வொரு டயராக உதைத்துப் பார்க்கச் சொல்வார். நீங்களே பார்த்தால் என்ன என்று இவள் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "ஓட்டிட்டு வந்தவன் கண்ணுக்கு எல்லா டயரும் நல்லாத்தாண்டி தெரியும்," என்றார் அன்றைக்கு.

அவர் திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றார். நோட்டின் காலி வரியில் விரலை வைத்தார். வாய் கோணிற்று.

"எ..."

அவள் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவளிடம் சொல்லிக்கொடுக்க வார்த்தையும் இல்லை.

"எழு... எழுது."

மூன்று மாதமாக எழுதுகிற படம் போட்ட அட்டையைக் காட்டினால் தலையை ஆட்டி ஒதுக்கிவிடுகிற மனிதர். பதினோராவது வார்த்தை. வேறு எந்த நாளாக இருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பாள். அன்று தாங்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் எழுதினாள். செய்தவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். வார்டில் பலருக்கு அந்தப் பெயரே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியம் மேட்ரன் அறையில் நோட்டை விரித்து வைத்து, பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இத வச்சுத்தானே நான் மேல போயி பெருமையாப் பேசிட்டு வந்தேன்." பென்சில் கோடுகளைத் திரும்பவும் ஒரு தடவை எண்ணினார். "சரி, நீயே சொல்லு. என்ன பண்ணலாம்?"

கட்டக்கா ஒரு வழி யோசித்துக்கொண்டுதான் போயிருந்தாள். "பன்னிரண்டே இருக்கட்டும் மேடம். மூணு மணிக்கு ஒருத்தர் படுக்கைய இன்னொருத்தர் போயிப் பாக்கணும். பம்ப், சார்ட், பாட்டில் எல்லாத்தையும். கண்ணும் மாறிடும், லீவும் நிக்கும்."

மேட்ரன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "எத்தனை நாளைக்குப் பாப்பீங்க? ஒரு வாரம் பாப்பீங்க. அடுத்த வாரம் மூணு மணிக்கு ஒரு அட்மிஷன் வரும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடுவீங்க. ஷிஃப்ட் மாறினா மட்டும் ஏன் தவறாம நடக்குதுன்னு யோசிச்சியா? அடுத்தவ வந்து வாங்கிக்கிட்டாத்தான் இவ வீட்டுக்குப் போக முடியும். அதான் நடக்குது."

கட்டக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பத்தொன்பது வருஷம் கட்டம் போட்டவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்றிருந்தது.

"நீ சொல்றதை எட்டு மணி நேரத்துலயே ஆறு மாசம் விடாம செஞ்சு காட்டுங்க. அப்ப பன்னிரண்டைப் பத்தித் திரும்பப் பேசலாம்," என்றார் மேட்ரன். பிறகு குரலை இறக்கி, "உன் வீட்டுக்காரருக்கு என்ன பண்ணுவே?" என்றார்.

"வியாழக்கிழமை மட்டும் லீவு போட்டுக்கறேன் மேடம்."

ஒன்றாம் தேதியிலிருந்து எட்டு மணி நேரம் திரும்பியது. அட்டவணையை ஒட்டிய அன்று வார்டில் ஒருத்தி முகம் கொடுத்துப் பேசவில்லை. பொடிசு இரண்டு வாரம் அவள் இருக்கும் பக்கமே வரவில்லை. டீ ஊற்றினால் இவள் டம்ளரை மட்டும் விட்டுவிட்டு ஊற்றினாள். கட்டக்கா தானே ஊற்றிக் குடித்தாள்.

கண்டக்டர் பிழைத்தார். ஐசியூவில் ஒன்பது நாள், அப்புறம் திரும்ப வார்டு. இடையில் சிறுநீரகம் மக்கர் செய்து, அது சரியாகி, வீட்டுக்குப் போகிற நாள் நெருங்கியபோது பத்துக் கிலோ இளைத்திருந்தார். ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குக் கட்டக்காவும் அடுத்த ஷிஃப்டுக்கு வந்த நெட்டையும் அவர் படுக்கைக்கு வந்தார்கள். நெட்டை சார்ட்டைப் பார்த்து முடித்து அடுத்த படுக்கைக்கு நகர்ந்தாள். கட்டக்கா நின்றாள். எத்தனையோ நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னாள்.

"அன்னிக்கு நீங்க மூணாவது பாட்டிலுன்னு சொன்னீங்க சார். எனக்குக் காதுல விழல. மன்னிச்சிடுங்க."

கண்டக்டர் போர்வையை நீவிக்கொண்டே யோசித்தார். கோபம் ஒன்றும் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல்.

"காதுல விழுந்துச்சு சிஸ்டர். நீங்க சிரிச்சீங்க. சரி, நாமதான் தப்பா எண்ணிட்டோம் போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பிச்சப்பவும், திரும்பச் சொன்னா கேலியாயிடுமேன்னு சொல்லாமலே இருந்துட்டேன்."

கட்டக்காவுக்கு எப்படி ஸ்கூட்டரை எடுத்தாள், எந்த வழியாக வீட்டுக்கு வந்தாள் என்பதே நினைவில்லை. பன்னிரண்டு மணி நேரம் என்றும் ஒன்பதாவது மணி என்றும் கோடு போட்டு எண்ணினாளே, இந்தச் சிரிப்பை எந்தப் பத்தியில் எழுதுவது? அது முதல் மணியிலும் வந்திருக்கும்.

வீட்டில் நாலு மணி வெயில் தரையில் விழுந்திருந்தது. டியூட்டி முடிந்து இந்த நேரத்தில் அவள் வீடு திரும்பி மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. கணவர் ஜன்னலோரம் இருந்தார். அன்று செவ்வாய். பயிற்சிக்கு இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். வார்த்தை பதினொன்றிலேயே நின்றிருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைக் கோணினார்.

"சா..."

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன்," என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றியவள், பாதியில் நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டுவிட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். எப்போதும் இப்படித்தான் திரும்பிக்கொள்வாரா? மூன்று மாதமாக இவள் அதைப் பார்த்ததே இல்லையா?

பையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க. திரும்பச் சொல்லுங்க."

அவர் திரும்பவில்லை. அவள் உட்கார்ந்தே இருந்தாள். வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறியபோது அவர் மெல்ல முகத்தைத் திருப்பினார், தொண்டையைப் பிடித்துக்கொண்டார். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"சா... சாயங்... காலம்," என்றார் அவர், வெயிலைக் காட்டி.